பழைய ஈஆர்பியைப் பிரித்தெடுப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையின் ஈஆர்பியை மூன்று வருடமாகத் துண்டு துண்டாகப் பிரித்து வருகிறோம். 2004இல் விபி 6 மொழியில் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. பஞ்சு கொள்முதல், உற்பத்தி, ஸ்டாக், நூல் விற்பனை, கணக்கு, சம்பளம் எல்லாம் ஒரே இஎக்ஸ்இ ஃபைல். அடியில் ஒரே எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ். மற்ற மில்களின் ஐடி ஆட்கள், கணக்குப் பிரிவினர், முதலாளிகள் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே சந்தேகங்களைக் கேட்பதால், அவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மோனோலித்னா என்ன சார்? எங்க சாஃப்ட்வேர் மோனோலித்தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

எல்லா வேலைகளையும் ஒரே நிரலாகக் கட்டி, ஒன்றாகவே நிறுவி, ஒன்றாகவே ஓட்டினால் அது மோனோலித். சம்பளத்தில் பிஎஃப் கணக்கிடும் ஒரு வரியை மாற்றுவதற்கு, எடைமேடையில் பில் போடுகிறவரையும் "கொஞ்சம் வெளியே வாங்க, புது இஎக்ஸ்இ போடணும்" என்று சொல்ல வேண்டியிருந்தால் உங்களுடையது மோனோலித்தான்.

ஆனால் ஒன்றாக இருப்பது வேறு, சிக்கிக் கிடப்பது வேறு. எந்தத் திரையிலிருந்தும் எந்த டேபிளிலும் எழுதலாம் என்று விட்டிருந்தால் அதுதான் சிக்கல். எங்கள் மில்லில் `StockMaster` டேபிளில் பேக்கிங் திரை எழுதும், பில் திரை எழுதும், வருடக் கடைசியில் கணக்குப் பிரிவின் ஒரு ப்ரொசீஜரும் எழுதும். இருப்பு தப்பாக வந்தால் யாரைக் கேட்பது என்று தெரியாது. அதே ஒரே இஎக்ஸ்இயாக இருந்தாலும், ஸ்டாக் டேபிளில் ஸ்டாக் பகுதி மட்டுமே எழுதும், மற்றவை அதைக் கேட்டுத்தான் வேலை வாங்கும் என்று ஒழுங்கு இருந்தால் அது மாடுலர் மோனோலித். பெரும்பாலான மில்களுக்கு அதுவே போதும்.

அப்போ ஏன் எல்லாரும் மைக்ரோசர்வீஸ்னு சொல்றாங்க? நாமும் முழுசா அதுக்குப் போயிடலாமே?

தனித்தனி சர்வீஸாகப் பிரித்ததும் இரண்டு பகுதிகளுக்கு நடுவே நெட்வொர்க் வந்து உட்கார்ந்துவிடும். ஒரே நிரலுக்குள் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால் பதில் வரும், அல்லது பிழை வரும். நெட்வொர்க் வழியாகக் கூப்பிட்டால் மூன்றாவதாக ஒன்று உண்டு: ஒன்றுமே வராது. வேலை நடந்ததா நடக்கவில்லையா என்பதே தெரியாது. கூடவே, "எல்லாம் சேவ் ஆகட்டும், இல்லையென்றால் எதுவுமே ஆக வேண்டாம்" என்று டேட்டாபேஸ் இதுவரை இலவசமாகக் கொடுத்துவந்த ட்ரான்சாக்ஷன் வசதியும் போய்விடும்.

பெரிய இடங்களிலும் திரும்பி வந்திருக்கிறார்கள். அமேசான் பிரைம் வீடியோவில் ஒளி, ஒலித் தரத்தைக் கண்காணிக்கும் ஒரு சர்வீஸைப் பல துண்டுகளாக வைத்திருந்ததை ஒரே நிரலுக்குள் கொண்டுவந்ததில் செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது என்று அந்தக் குழுவினரே 2023இல் எழுதினார்கள். நிறுவனம் முழுவதும் மோனோலித்துக்குத் திரும்பியதாக அதற்குப் பொருள் இல்லை. அந்த ஒரு வேலைக்கு அது பொருந்தியது.

ஒரு பகுதியை வெளியே எடுக்க நான் இரண்டே காரணங்களைத்தான் ஏற்கிறேன். ஒன்று, அது மாறும் வேகம் மற்றவற்றோடு ஒத்துப்போகவில்லை. இன்னொன்று, அது நின்றுபோனால் மற்றவையும் நிற்கின்றன. இரண்டும் இல்லாத பகுதி உள்ளேயே இருக்கட்டும்.

இந்த வம்பே வேண்டாம், மொத்தத்தையும் புதுசா எழுதிடலாமே?

எழுதி முடிக்கிற வரைக்கும் பழையது மாறாமல் நிற்காது. ஜிஎஸ்டி விதி மாறும், புது ஏஜென்ட் கமிஷன் முறை வரும், பழையதில் போட்ட ஒவ்வொரு மாற்றத்தையும் புதியதிலும் போட வேண்டிவரும். அதைவிடப் பெரிய சிக்கல், இருபது வருட விதிகள் எந்தக் காகிதத்திலும் இல்லை. எங்கள் பில் திரையில் ஒரு குறிப்பிட்ட பார்ட்டிக்கு மட்டும் கோன் எடை மூன்று தசமம் வரை வரும். ஏன் என்று சொல்ல ஆள் இல்லை. எடுத்துவிட்டால் அந்தப் பார்ட்டியின் குடோனில் எடை ஒத்துப்போகாது என்பது பிறகுதான் தெரிந்தது.

பனைமரத்தின் மட்டையிடுக்கில் பறவை போட்ட ஆலம் விதை முளைத்து, விழுது இறக்கி, பனையைச் சுற்றி வளர்வதைப் பார்த்திருப்பீர்கள். பனை நிற்கும்போதே ஆல் தன் வேரில் நிற்கத் தொடங்கிவிடும். மென்பொருள் வடிவமைப்பைப் பற்றி எழுதும் மார்ட்டின் ஃபௌலர் 2004இல், ஸ்ட்ராங்லர் ஃபிக் எனப்படும் இந்த வகை மரத்தின் பெயரைத்தான், பழையதைச் சுற்றிப் புதியதை வளர்க்கும் முறைக்கு வைத்தார். அவர் பார்த்தது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் காடுகளில். பழையது ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் புதியதற்குப் போகும். சரிவரவில்லை என்றால் அந்த ஒன்றை மட்டும் திருப்பிக்கொள்ளலாம்.

சரி, முதல் நாள் எங்கே உக்காந்து என்ன பண்ணணும்?

புது கோட் எதுவும் எழுத வேண்டாம். எந்த டேபிளில் யார் எழுதுகிறார்கள் என்ற பட்டியலைப் போடுங்கள். டேட்டாபேஸுக்குள் இருக்கும் ப்ரொசீஜர், ட்ரிகர், வியூ ஆகியவற்றை இப்படித் தேடலாம்:

```sql
SELECT OBJECT_NAME(object_id)
FROM sys.sql_modules
WHERE definition LIKE '%StockMaster%';
```

இது பாதிதான். விபி கோடுக்குள் எழுத்துத் தொடராகக் கோத்து அனுப்பும் எஸ்க்யூஎல் இதில் வராது. கணக்குப் பிரிவில் யாரோ எக்செலிலிருந்து நேராக இணைத்து வைத்திருப்பதும் வராது. அதற்கு டேபிளிலேயே ஒரு ட்ரிகர் வைத்து, எழுதுகிறவர்களைப் பதிய வேண்டும்:

```sql
CREATE TRIGGER trg_Stock_Who ON dbo.StockMaster
AFTER INSERT, UPDATE, DELETE AS
BEGIN
  SET NOCOUNT ON;
  INSERT INTO dbo.WhoWrote (At, App, Host)
  VALUES (SYSDATETIME(), APP_NAME(), HOST_NAME());
END
```

`WhoWrote` டேபிளில் தானாக எண் ஏறும் ஐடென்டிட்டி நெடுவரிசை வைத்துவிடாதீர்கள். பழைய விபி நிரல்கள் புது வரியின் எண்ணை `@@IDENTITY` மூலம் எடுக்கும். ட்ரிகர் எழுதும் டேபிளிலும் ஐடென்டிட்டி இருந்தால் அந்த எண்தான் திரும்பப் போகும். பில்லின் உள்வரிகள் வேறு பில்லில் போய் ஒட்டிக்கொள்ளும். வெறும் கவனிப்புக்காக வைத்த ட்ரிகர் டேட்டாவைக் கெடுத்துவிடும்.

எத்தனை நாள் விட்டுவைப்பது என்று கேட்பீர்கள். ஒரு மாத முடிவாவது கடக்க வேண்டும். முடிந்தால் மார்ச் 31 கடக்கட்டும். மேலே சொன்ன கணக்குப் பிரிவின் ப்ரொசீஜர் வருடத்தில் ஒரே ஒரு இரவுதான் ஓடும்.

முதல்ல எதைப் பிரிச்சீங்க? ஸ்டாக்தானே எல்லாத்துக்கும் அடிப்படை, அதை ஏன் எடுக்கல?

அடிப்படை என்பதால்தான் அதை எடுக்கவில்லை. ஸ்டாக்கை எழுதுகிறவர்கள் மூன்று பேர், படிக்கிறவர்கள் முப்பது பேர். பழக்கமில்லாத கையோடு அதில் கை வைத்தால் மில்லே நிற்கும். நாங்கள் எடுத்தது இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசு போர்ட்டலில் பதிவு செய்யும் வேலை.

முன்பு சொன்ன இரண்டு காரணங்களும் அதற்குப் பொருந்தின. அது மாறும் வேகத்தை மில் தீர்மானிப்பதில்லை. 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குத் தொடங்கியது, 2021 ஜனவரியில் 100 கோடி, ஏப்ரலில் 50, 2022இல் 20, பிறகு 10, 2023 ஆகஸ்டில் 5 கோடி என்று இறங்கிக்கொண்டே வந்தது. நடுவே படிவத்தின் புலங்களும் சரிபார்ப்பு விதிகளும் மாறின. ஒவ்வொரு முறையும் எல்லா கம்ப்யூட்டரிலும் புது இஎக்ஸ்இ போட வேண்டியிருந்தது. இரண்டாவது காரணம், அது நின்றால் மற்றவையும் நின்றன. அதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன். இன்னொரு வசதி, அதற்கும் மற்றவற்றுக்கும் நடுவே போய்வரும் டேட்டா கொஞ்சம்தான். பில் விவரம் உள்ளே போகிறது. ஐஆர்என் எனப்படும் பதிவு எண்ணும் க்யூஆர் கோடும் திரும்பி வருகின்றன. அவ்வளவுதான்.

சேவ் பட்டனை அழுத்தும்போதே போர்ட்டலைக் கூப்பிட்டுட்டா வேலை முடிஞ்சுதே?

நாங்களும் 2021இல் அவசரத்தில் அப்படித்தான் செய்தோம். ஒரு மாதக் கடைசி நாள் மாலை, போர்ட்டலிலிருந்து பதில் வரத் தாமதம். பில் திரை காத்திருந்தது. ஆனால் அது ட்ரான்சாக்ஷனைத் திறந்து, ஸ்டாக்கைக் குறைத்து, பில் எண்ணைக் கூட்டிவிட்டுத்தான் காத்திருந்தது. அந்த வரிசைகள் எல்லாம் பூட்டப்பட்டுக் கிடந்தன. பேக்கிங்கில் இருந்தவர் மூட்டை சேர்க்க முடியவில்லை, இன்னொரு பில்லும் போட முடியவில்லை, கேட்டில் லாரிகள் நின்றன. எல்லோரும் "சர்வர் ஸ்லோ" என்றார்கள். யாரை யார் தடுக்கிறார்கள் என்று காட்டும் `sp_who2` ஓட்டி, `BlkBy` நெடுவரிசையைப் பிடித்துக்கொண்டே போனால் எல்லாம் ஒரே எண்ணில்தான் போய் முடிந்தது. அந்த எண்ணின் நிலை மட்டும் `sleeping`. டேட்டாபேஸில் அது எந்த வேலையும் செய்யவில்லை, பூட்டை மட்டும் விடவில்லை. இந்தக் காட்சியைப் பார்த்தால், ட்ரான்சாக்ஷனுக்குள் யாரோ வெளியுலகத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அன்று இன்னொன்றும் நடந்தது. பில் போட்டவர் பொறுமை இழந்து திரையை மூடினார். ட்ரான்சாக்ஷன் பின்வாங்கியது; ஸ்டாக்கும் பில் எண்ணும் பழைய நிலைக்குத் திரும்பின. ஆனால் போர்ட்டலில் அந்தப் பில் பதிவாகிவிட்டது. அடுத்த பார்ட்டிக்குப் பில் போட்டபோது அதே எண் வந்தது, போர்ட்டல் "ஏற்கனவே உள்ளது" என்று திருப்பி அனுப்பியது. எங்களிடம் இல்லாத ஒரு பில் அரசிடம் இருந்தது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தோம். ரத்து செய்தாலும் அந்த எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது.

அப்படின்னா பில் போட்டது வெளியில இருக்கற சர்வீஸுக்கு எப்படித் தெரியும்?

பில்லை எழுதும் அதே ட்ரான்சாக்ஷனில், "இந்தப் பில் போடப்பட்டது" என்று இன்னொரு டேபிளிலும் ஒரு வரி எழுதுங்கள். இதை அவுட்பாக்ஸ் என்பார்கள். தபால் அனுப்ப வேண்டியதை மேசையில் தனித் தட்டில் வைப்பது மாதிரி.

```sql
SET XACT_ABORT ON;
BEGIN TRAN;
INSERT INTO dbo.Invoice (InvNo, PartyId, Amount)
VALUES (@no, @party, @amt);
INSERT INTO dbo.Outbox (EventType, RefNo, Done)
VALUES ('InvoicePosted', @no, 0);
COMMIT;
```

இரண்டும் ஒரே டேட்டாபேஸில், ஒரே ட்ரான்சாக்ஷனில் இருப்பதால் இரண்டும் எழுதப்படும், அல்லது இரண்டும் எழுதப்படாது. புது சர்வீஸ் சில விநாடிக்கு ஒருமுறை `Done = 0` வரிகளை எடுத்து, போர்ட்டலுக்கு அனுப்பி, பதில் வந்ததும் 1 ஆக்கும். போர்ட்டலுக்கு அனுப்புவதற்காக விபி கோடில் நாங்கள் சேர்த்தது அந்த ஒரு இன்சர்ட் மட்டும்தான். போர்ட்டலைக் கூப்பிடும் பகுதியை எடுத்துவிட்டோம்.

ஐஆர்என் இல்லாமல் சரக்கை அனுப்ப முடியாதே என்பது நியாயமான கேள்வி. ஆகவே பில்லுக்கு "ஐஆர்என் வர வேண்டியுள்ளது" என்று ஒரு நிலை கொடுத்தோம். அது நீங்கினால்தான் பில்லும் கேட் பாஸும் பிரிண்ட் ஆகும். போர்ட்டல் தாமதமானால் அந்த லாரி காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் பேக்கிங் நிற்பதில்லை. தவிர, பதிவு செய்யும் போர்ட்டல்கள் இப்போது ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. ஒன்று சரியில்லை என்றால் சர்வீஸுக்குள்ளேயே மற்றொன்றுக்கு மாற்றுகிறோம். விபி இஎக்ஸ்இக்கு அது தெரியவே தெரியாது.

ஒரே பில் ரெண்டு தடவை போயிட்டா?

போகும். போர்ட்டலுக்கு அனுப்பியபின், 1 ஆக்குவதற்கு முன் மின்சாரம் போனால், சர்வீஸ் எழுந்ததும் அதே வரியை மறுபடி எடுத்து அனுப்பும். அவுட்பாக்ஸ் தரும் உறுதி "ஒரு முறையாவது போகும்" என்பதுதான், "ஒரே ஒரு முறை" என்பது அல்ல. அதனால் வாங்கிக்கொள்ளும் பக்கம் இரண்டாம் முறையைத் தாங்க வேண்டும்.

இ-இன்வாய்ஸில் இது நல்லவேளையாகக் கைகூடி வருகிறது. விற்பவரின் ஜிஎஸ்டி எண், ஆவண வகை, ஆவண எண், நிதியாண்டு ஆகியவற்றிலிருந்துதான் 64 எழுத்து ஐஆர்என் உருவாகிறது. இரண்டாம் முறை அதே பில் போனால் போர்ட்டல் புதிதாக எதுவும் உருவாக்காமல் 2150 என்ற பிழை எண்ணோடு "ஏற்கனவே உள்ளது" என்று சொல்லும். எங்கள் சர்வீஸ் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த எண்ணுக்கு அங்கே பதிவாகியிருக்கும் பில்லைக் கேட்டு வாங்கி, வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணும் தொகையும் நம்முடையதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். ஒத்துப்போனால் வெற்றி. ஒத்துப்போகாவிட்டால் மனிதர் ஒருவர் பார்க்க வேண்டும் என்று ஒதுக்கிவைக்கும். எங்கள் மாதக் கடைசிச் சம்பவத்தில் இந்தச் சோதனை இருந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும்.

நாங்க அவுட்பாக்ஸ் வெச்சும் ஒரு பில் போகவே இல்லை. டேபிள்ல வரி இருக்கு, ஆனா சர்வீஸ் அதைத் தொடவே இல்லை. இது எப்படி?

`Done` கொடி இல்லாமல், "கடைசியாகப் படித்த எண்ணுக்கு மேல் இருப்பதைக் கொடு" என்று படிக்கிறீர்களா என்று பாருங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பில் போடுகிறார்கள். ஒருவரின் அவுட்பாக்ஸ் வரிக்கு எண் 1050, மற்றவருடையதற்கு 1051. எண் வாங்கும் வரிசையும் கமிட் ஆகும் வரிசையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை; 1051 முதலில் முடிந்துவிட்டது. அந்த நொடியில் சர்வீஸ் வந்து 1051ஐப் படித்து, "1051 வரை முடிந்தது" என்று குறித்துக்கொண்டு போகிறது. பிறகு 1050 கமிட் ஆகிறது. அதை இனி யாரும் பார்க்க மாட்டார்கள்.

`READPAST` குறிப்போடு அல்லது ஸ்னாப்ஷாட் முறையில் படித்தால் இந்தத் தவறு எளிதில் நேரும், ஏனென்றால் பூட்டில் முட்டி நிற்காமல் தாண்டிப் போய்விடும். `NOLOCK` வைத்தால் கமிட் ஆகாத வரியைக்கூட எடுத்து அனுப்பிவிடும், அது இன்னும் மோசம். கொடி வைத்துப் படியுங்கள். `Done = 0` ஆக அரை மணி நேரத்துக்கு மேல் கிடக்கும் வரி இருந்தால் போனுக்குச் செய்தி வரும்படி வையுங்கள்.

பழசும் புதுசும் ஒரே நேரத்துல ஓடினா எதை நம்பறது?

பழையதைத்தான் நம்ப வேண்டும், வேறுபாடு ஏன் என்று தெரிகிற வரைக்கும். வரிக் கணக்கைப் புது சர்வீஸுக்கு மாற்றும்போது ஆறு வாரம் இரண்டையும் ஓட்டினோம். பில்லில் பழையதன் தொகையே வரும். புதியது தன் விடையைத் தனி டேபிளில் எழுதும். தினமும் காலையில் ஒத்துப்பார்ப்போம்.

முதல் வாரத்திலேயே சில பில்களில் ஒரு பைசா வித்தியாசம். பொருள் மதிப்பு 1,002.50 ரூபாய், வெளிமாநிலம் என்பதால் ஐஜிஎஸ்டி 5 சதவீதம். வரி 50.125. விபி 6இன் `Round` இதை 50.12 ஆக்குகிறது, எஸ்க்யூஎல் சர்வரின் `ROUND` 50.13 ஆக்குகிறது. சரிபாதியில் நிற்கும் எண்ணை விபி பக்கத்து இரட்டைப்படைக்குக் கொண்டுபோகும். எஸ்க்யூஎல் சர்வர் எப்போதும் மேலே தள்ளும். எல்லாப் பில்லிலும் வராது, சரியாகப் பாதியில் விழும் தொகைகளில் மட்டும் வரும். அதனால்தான் சோதனைக்கு எடுத்த பத்துப் பில்லில் அகப்படவில்லை.

கணக்குப் பிரிவோடு பேசி, ஏப்ரல் 1 முதல் ஒரே முறை என்று முடிவு செய்தோம். நிதியாண்டின் நடுவில் மாற்றியிருந்தால் கிரெடிட் நோட் போடும்போது மூலப் பில்லோடு ஒத்துப்போயிருக்காது.

ரெண்டு சர்வீஸும் அதே டேட்டாபேஸ்ல இருந்தா பிரிச்சதாவே ஆகாதுன்னு சொல்றாங்களே?

ஒரே சர்வரில் இருப்பதால் கெட்டுப்போவதில்லை. ஒருவர் டேபிளில் இன்னொருவர் எழுத முடிவதால்தான் கெட்டுப்போகிறது. முதலில் தனி ஸ்கீமா, தனி லாகின், அனுமதி மறுப்பு. டேட்டாபேஸையே தனியாக்குவது அப்புறம், தேவைப்பட்டால் மட்டும்.

இதில் இரண்டு இடங்களில் ஏமாந்தோம். எங்கள் விபி நிரல் எல்லா கம்ப்யூட்டரிலிருந்தும், எல்லா அனுமதியும் உள்ள `sa` லாகினில் வந்துகொண்டிருந்தது. பழைய ஈஆர்பிகளில் இது மிகச் சாதாரணம். `sa`விடம் `DENY` எதுவும் செல்லாது. பகுதிக்கு ஒரு லாகின் கொடுத்த பிறகும், பழைய ப்ரொசீஜர் ஒன்று புது டேபிளில் தாராளமாக எழுதியது. ப்ரொசீஜருக்கும் டேபிளுக்கும் உரிமையாளர் ஒருவரே என்றால், ப்ரொசீஜரை ஓட்ட அனுமதி இருந்தாலே போதும், டேபிளின் அனுமதியை எஸ்க்யூஎல் சர்வர் கேட்பதே இல்லை. ஸ்கீமாவுக்கு வேறு உரிமையாளர் வைத்ததும் அடைபட்டது:

```sql
CREATE USER einv_owner WITHOUT LOGIN;
GO
CREATE SCHEMA einv AUTHORIZATION einv_owner;
```

அடைத்த அன்று அனுமதிப் பிழை வருகிற திரைகள்தான் நாம் பட்டியலில் விட்டுப்போனவை. அதை மாத நடுவில், அமைதியான ஒரு நாளில் செய்யுங்கள்.

ரிப்போர்ட் எல்லாம் பத்து டேபிளை ஜாயின் பண்ணித்தான் வருது. பிரிச்சுட்டா அதெல்லாம் என்ன ஆகும்?

ரிப்போர்ட்டுக்குத் தனியாக ஒரு பிரதி வையுங்கள். ஒவ்வொரு பகுதியின் டேட்டாவும் அங்கே வந்து சேரட்டும், ஜாயின் அங்கே நடக்கட்டும். ஆனால் "எத்தனை நிமிடம் பழையது" என்பதை ரிப்போர்ட்டின் தலையிலேயே அச்சிடுங்கள். எங்கள் விற்பனை மேலாளர் காலையில் ரிப்போர்ட்டைப் பார்த்து ஒரு லாட்டை வாக்குக் கொடுத்துவிட்டார்; அது பதினைந்து நிமிடத்துக்கு முன்பே ஏற்றப்பட்டிருந்தது. அதன்பின் வாக்குக் கொடுப்பதற்கு மட்டும் ஸ்டாக் பகுதியையே நேராகக் கேட்கும் திரை வைத்தோம்.

ஸ்டாக்கும் பில்லும் வேற வேற ஆகி, ஸ்டாக் குறைஞ்சு பில் விழலேன்னா என்ன பண்ணுவீங்க?

எங்கள் மில்லில் அவை இரண்டையும் பிரிக்கவில்லை. பிரிக்கும் எண்ணமும் இல்லை. மூட்டை வெளியே போவதும் பில் விழுவதும் ஒரே கணத்தில் சரியாக இருக்க வேண்டியவை. அப்படிப்பட்டவற்றை ஒரே ட்ரான்சாக்ஷனில், ஒரே நிரலில் விட்டுவைப்பதே சரி. எல்லை எங்கே என்று குழம்பினால், ஒன்று பத்து நிமிடம் தாமதமாக நடந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டுப் பாருங்கள். ஐஆர்என் தாமதமானால் லாரி காத்திருக்கும். ஏஜென்ட் கமிஷன் தாமதமானால் ஒன்றும் ஆகாது. ஸ்டாக் தாமதமானால் ஒரே மூட்டையை இரண்டு பேருக்கு விற்றுவிடுவோம்.

பிரித்தே ஆக வேண்டிய நிலை என்றால், முதலில் மூட்டைகளை "ஒதுக்கப்பட்டது" என்று குறித்து, பில் விழுந்ததும் "போனது" என்று மாற்றி, குறிப்பிட்ட நேரத்துக்குள் பில் வராத ஒதுக்கலை விடுவிக்க வேண்டும். விடுவித்த பிறகு தாமதமாக ஒரு பில் வந்து நின்றால் என்ன செய்வது என்பதையும் எழுத வேண்டும். ஒரு வரிக் கமிட் செய்துவந்த வேலைக்கு இத்தனை கோட்.

ஆடிட்டர் எடிட் லாக் கேக்கறார். பிரிச்ச பிறகு அது எங்கே இருக்கும்?

கம்பெனியாகப் பதிவான மில் என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு இருக்க வேண்டும். அதை அணைக்கவும் முடியக்கூடாது. பிரித்தால், கணக்கைப் பாதிக்கும் ஒவ்வொரு பகுதியிலும் அந்தப் பதிவு இருக்க வேண்டும். அடிக்கடி தவறுவது பயனர் பெயர். சர்வீஸ் தன் லாகினில் எழுதுவதால் லாகில் எல்லா மாற்றமும் "einv_service" செய்ததாக வரும். பில் போட்டவரின் பயனர் எண்ணை அவுட்பாக்ஸ் வரியிலேயே சேர்த்து அனுப்புங்கள். நாங்கள் முதலில் விட்டுவிட்டு, நான்கு மாதம் கழித்துச் சேர்த்தோம்.

பழைய இஎக்ஸ்இயை எப்ப நிறுத்தலாம்?

ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக. புது வழி ஒரு வருட முடிவைக் கடந்திருக்க வேண்டும், பழைய வழியில் யாரும் எழுதவில்லை என்று முன்பு சொன்ன ட்ரிகர் காட்ட வேண்டும். அதன்பின் பழைய கோடை நீக்கிவிடுங்கள். "இருக்கட்டுமே, எப்போதாவது உதவும்" என்று விட்ட பில் மெனு ஒன்று எங்கள் கிளை குடோனில் எட்டு மாதம் கழித்து உயிரோடு இருந்தது.

டேட்டாவை மட்டும் அழிக்க வேண்டாம். கம்பெனிச் சட்டப்படி கணக்குப் புத்தகங்கள் 8 நிதியாண்டுகளுக்கு இருக்க வேண்டும். ஜிஎஸ்டி ஆவணங்கள் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசி நாளிலிருந்து 72 மாதம். பழைய டேட்டாபேஸைப் படிக்க மட்டும் என்று மாற்றி, பழைய பில் வடிவத்தை அச்சிட ஒரு கம்ப்யூட்டரில் விபி நிரலையும் அதன் ரிப்போர்ட் ஃபைல்களையும் விட்டுவைத்திருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் ஒரு பழைய பில்லை அச்சிட்டுப் பார்க்கிறோம். போன தடவை பிரிண்டர் டிரைவர் மாறியதால் கட்டங்கள் தள்ளி விழுந்தன, அன்றே சரிசெய்தோம்.